மாடியில் சோலார் போட்டால் போட்ட காசு எத்தனை வருடத்தில் திரும்பும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி வட்டாரத்தில் வீட்டுக்கு சோலார் போட நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கணக்குகள் எல்லாம் வீட்டு இணைப்புக்கு, இரண்டு மாத பில்லுக்கு. யூனிட் விலை 2024 ஜூலை உயர்வுக்குப் பின் வீட்டுக்காரர் கட்டும் விலையை ஒட்டியது. சோலார் விலை, உதாரணத்துக்காக எடுத்துக்கொண்டது. உங்கள் பில்லிலும் கொட்டேஷனிலும் வேறு எண் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், வழி ஒன்றுதான்.

3 கிலோவாட் போட்டா எத்தனை வருசத்துலங்க அசல் வரும்?

பில்லைப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் ஓடும் வீட்டில் மூன்றரை வருடத்தில் வந்துவிடும். அதே 3 கிலோவாட்டை 400 யூனிட் ஓடும் வீட்டில் மாட்டினால் பதினாறு வருடம் தாண்டும். பேனல் ஒன்று, வெயில் ஒன்று, விலையும் ஒன்றுதான். மாறுவது அது மிச்சப்படுத்தும் யூனிட்டின் விலை.

கையிலிருந்து போட்ட காசை ஒரு வருட மிச்சத்தால் வகுத்தால் வருடக்கணக்கு வரும். இதில் "மிச்சம்" என்பது பழைய பில்லுக்கும் புதிய பில்லுக்கும் உள்ள வித்தியாசம். சோலார் எத்தனை யூனிட் தந்தது என்பதை ஏதோ ஒரு விலையால் பெருக்கி வருவது மிச்சம் ஆகாது. முக்கால்வாசிப் பேர் தவறுவது இங்கேதான்.

மானியம் போக கையில எவ்வளவுங்க போடணும்?

மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000. அதாவது மூன்றாவது கிலோவாட்டுக்குக் கிடைப்பது 18,000 மட்டும், நான்காவதுக்கு ஒன்றுமில்லை. விண்ணப்பம் pmsuryaghar.gov.in தளத்தில். உள்நாட்டு செல் போட்ட பேனலாக இருந்தால்தான் மானியம். பணி முடிந்து, வெளியே போகும் யூனிட்டையும் உள்ளே வரும் யூனிட்டையும் அளக்கும் நெட் மீட்டர் வைத்த பிறகே பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும், ஆகவே முதலில் முழுத் தொகையைப் புரட்ட வேண்டும் அல்லது கடன் எடுக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தில் 1 கிலோவாட்டுக்கு 75,000, 2 கிலோவாட்டுக்கு 1,40,000, 3 கிலோவாட்டுக்கு 1,95,000 என்று கொட்டேஷன் வந்ததாக வைத்துக்கொள்வோம். மானியம் போக 45,000, 80,000, 1,17,000. பேனலுக்கு அடியில் துணி காயப்போட வேண்டும் என்று எட்டடி உயர ஸ்ட்ரக்சர் கேட்டால் அதற்குத் தனியாகப் பணம். அது நிழலுக்கான செலவு, கரண்டுக்கானது அல்ல. அசல் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். பில்லில் உள்ள அனுமதிக்கப்பட்ட மின்பளுவையும் பாருங்கள். போடப்போகும் கிலோவாட்டைவிட அது குறைவாக இருந்தால் உயர்த்தக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கலாம்.

யூனிட்டு எட்டு ரூபாய்னு போட்டு டீலர் கணக்குக் காட்டறாருங்க. சரிங்களா?

உங்கள் வீட்டில் எல்லா யூனிட்டும் எட்டு ரூபாய் என்றால் சரி. அப்படி ஒரு வீடு கிடையாது. முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டில் 101 முதல் 200 வரை 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, அதைத் தாண்டினால் 11.55.

500 என்பது ஒரு வரப்பு மாதிரி. அதை ஒரு யூனிட் தாண்டினாலும் 2.35 ரூபாய்ச் சலுகை போய், அந்த நூறு யூனிட்டுக்கும் 4.70 விழும். பில் ஒரே தாவாக 235 ரூபாய் ஏறும். மறுபக்கமாகப் பார்த்தால், சோலார் உங்களை 500-க்குக் கீழே இறக்கினால் அந்த 235 ரூபாயும் மிச்சத்தில் சேரும்.

நெட் மீட்டர் உள்ள வீட்டில் சோலார் யூனிட் கழிவது எப்போதும் மேலிருந்துதான். முதலில் பத்தரை ரூபாய் யூனிட் போகும், பிறகு ஒன்பதரை, அப்புறம் எட்டரை. கடைசியில் இரண்டே கால் ரூபாய் யூனிட்டும், விலையே இல்லாத இலவச யூனிட்டும். அதனால் பெரிதாகப் போடப்போட, கூடுதலாகப் போட்டதன் பலன் சுருங்கிக்கொண்டே வரும்.

அப்ப 900 யூனிட்டு ஓடற வீட்டுக்கு எத்தனை கிலோவாட்டு போடலாம்?

கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு வீடு, இரண்டு ஏசி, கீசர், போர் மோட்டார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 900 யூனிட்டுக்கு பில் 5,820 ரூபாய். ஒரு கிலோவாட் நாளைக்குச் சராசரி 4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் என்று எடுப்போம்.

1 கிலோவாட் போட்டால் நிகரம் 660 யூனிட், பில் 3,447. மிச்சம் 2,373. 2 கிலோவாட் போட்டால் நிகரம் 420 யூனிட், 500-க்குக் கீழே வந்துவிடுவதால் சலுகையும் சேர்ந்து பில் 1,301. மிச்சம் 4,519. 3 கிலோவாட் போட்டால் நிகரம் 180 யூனிட், பில் 188. மிச்சம் 5,632.

வருடத்துக்கு ஆறு பில். 2 கிலோவாட்டின் மிச்சம் 27,114; போட்ட 80,000 மூன்று வருடத்தில் வந்துவிடும். 3 கிலோவாட்டின் மிச்சம் 33,792. போட்ட 1,17,000 திரும்ப ஏறக்குறைய மூன்றரை வருடம். இது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றாவது கிலோவாட்டை மட்டும் பிரித்துப் பாருங்கள்: கூடுதலாகப் போட்டது 37,000, கூடுதலாக வந்தது வருடத்துக்கு 6,678. அதன் அசல் வர ஐந்தரை வருடம். சராசரிக் கணக்கு இதை மறைத்துவிடும். அடுத்த வருடம் இன்னொரு ஏசி வரப்போகிறது என்றால் மூன்றாவதையும் போடலாம். மகன் வெளியூர் போகிறான், ஓட்டம் குறையும் என்றால் இரண்டோடு நிறுத்துங்கள்.

400 யூனிட் வீட்டின் பில் 1,175 ரூபாய்தான். 1 கிலோவாட் போட்டால் 1,034 மிச்சம், அசல் வர ஏழே கால் வருடம். 2 கிலோவாட் போட்டால் பில்லே இருக்காது, ஆனால் அசல் வரப் பதினொரு வருடம் தாண்டும். 200 யூனிட்டுக்குள் ஓடும் வீட்டுக்கு இந்தப் பேச்சே வேண்டாம். 235 ரூபாய் பில்லில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது?

நாளைக்கு 4 யூனிட்டுன்னு சொல்றீங்க. நம்மூர்ல ஆடி மாசம் வெயிலே கிடையாதுங்களே?

உண்மை. பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று மேகத்தைத் தள்ளிக்கொண்டு வருவதால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பொள்ளாச்சியிலும் கோவையிலும் உற்பத்தி இறங்கும். கிழக்கே ஈரோடு போகப்போக இந்தத் தாக்கம் குறையும். ஐப்பசி மழையில் இன்னொரு இறக்கம். மாசி, பங்குனியில்தான் உச்சம். 4 யூனிட் என்பது இவையெல்லாம் சேர்ந்த வருடச் சராசரி. மார்ச் மாதத் தெளிந்த நாளில் 3 கிலோவாட் 13 முதல் 15 யூனிட் வரை தரும். ஆடி மூட்டத்தில் அதில் பாதி வந்தாலே பரவாயில்லை.

பங்குனியில் பார்த்ததை ஆறால் பெருக்கி வருடக் கணக்கு போடாதீர்கள். கடைசி ஆறு பில்லையும் எடுத்துவைத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கழித்துப் பாருங்கள். கூடுதலாக ஏற்றுமதியான யூனிட் அடுத்த பில்லுக்கு நகரும் என்பதால் ஓரளவு சரிக்கட்டிவிடும். ஆனால் வருட முடிவில் மிஞ்சும் யூனிட்டுக்கு உங்கள் ஸ்லாப் விலை கிடைக்காது. அதை வருமானமாக எண்ணி பெரிய பிளான்ட் போடுவது நஷ்டக் கணக்கு.

ஆப்புல 700 யூனிட்டு காட்டுது, பில்லுல ஏற்றுமதி 430 தானுங்க இருக்கு. மீதி எங்க போச்சு?

எங்கும் போகவில்லை, வீட்டிலேயே செலவாகிவிட்டது. பகலில் ஃப்ரிட்ஜ், ஃபேன், மோட்டார் ஓடும்போது சோலார் கரண்டு நெட் மீட்டரைத் தொடாமலே அவற்றுக்குப் போய்விடும். மீதமானது மட்டும் வெளியே போய் ஏற்றுமதியாகப் பதிவாகும். இன்வெர்ட்டர் ஆப்பில் வருவது மொத்த உற்பத்தி.

சரிபார்க்க ஒரு வழி: ஆப்பில் உள்ள உற்பத்தியிலிருந்து ஏற்றுமதியைக் கழித்து, வருவதை மீட்டரின் இறக்குமதியோடு கூட்டுங்கள். அதுதான் வீட்டின் உண்மையான செலவு. மேலே சொன்ன வீட்டில் 700-இல் 430 போக 270, இறக்குமதி 630 என்றால் மொத்தம் 900. சோலார் போட்ட பிறகு இந்த மொத்தம் 1,100-க்கு ஏறியிருந்தால் பேனலில் கோளாறு இல்லை. "சோலார்தானே" என்று ஏசி கூடுதலாக ஓடுகிறது. அசல் திரும்புவது தள்ளிப்போக இதுவும் ஒரு காரணம், சொன்னால்தான் யாருக்கும் பிடிக்காது.

கரண்டு போனா சோலார்ல வீடு ஓடுமுங்களா?

ஓடாது. பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், லைன் போனதும் தானாக நின்றுவிடும். லைனில் வேலை பார்க்கும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். மதியம் நல்ல வெயிலில் மூன்று மணி நேரம் கரண்டு இல்லாவிட்டால் அந்த உற்பத்தியும் போச்சு. பேட்டரியோடு ஹைபிரிட் போடலாம். அந்தக் கூடுதல் செலவு பில்லில் ஒரு ரூபாயும் குறைக்காது. அதை வசதிக்கான செலவாக வையுங்கள்.

எங்கூட்டுக்கு மேல ஒரு மீட்டர், கீழ ஒரு மீட்டருங்க. எதுல போடறது?

பில் அதிகம் வரும் மீட்டரில். சோலார் ஒரு இணைப்போடுதான் சேரும், அடுத்த இணைப்பின் பில்லைத் தொடாது. கீழே 700, மேலே 200 ஓடினால் கீழ் இணைப்பில் போடுங்கள். இரண்டிலும் 450 ஓடினால் மொத்தம் 900 ஆனாலும் உங்கள் வீடு மேலே சொன்ன 900 யூனிட் வீடு அல்ல, இரண்டு சின்ன வீடு. விலை உயர்ந்த யூனிட்டே உங்களிடம் இல்லை; அசல் திரும்ப 400 யூனிட் வீட்டை ஒட்டித்தான் ஆகும்.

வெந்நீர் சோலாருக்கும் இதே கணக்குதானுங்களா?

இதேதான், ஆனால் யூனிட்டை நாமே கணிக்க வேண்டும், அதற்கு மீட்டர் கிடையாது. ஒருவர் குளிக்க 20 லிட்டர் தண்ணீரை 26 டிகிரியிலிருந்து 42-க்கு ஏற்ற 0.37 யூனிட் ஆகும். நாலு பேருக்கு ஒன்றரை. கீசர் தொட்டியில் ஆறிப்போகும் சூட்டையும் சேர்த்து நாளைக்கு 2 யூனிட் என்று வைக்கலாம்.

வருடம் முழுக்க அப்படி ஓடாது. சித்திரை, வைகாசியில் மாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கும், பைப்பைத் திறந்தால் கை சுடும். எட்டு மாதம், அதாவது நாலு பில்லுக்கு 120 யூனிட் வீதம் எடுங்கள். 900 யூனிட் வீட்டில் சோலார் பேனல் இல்லாதபோது ஒரு பில்லுக்கு 1,239 ரூபாய், வருடத்துக்கு 4,956 மிச்சம். 100 லிட்டர் ஹீட்டர் 24,000 என்றால் ஐந்து வருடத்துக்குள் திரும்பும். 400 யூனிட் வீட்டில் வருட மிச்சம் 2,256 தான், பத்தரை வருடம்.

இந்தக் கணக்கு கெடுவது பெரும்பாலும் பேக்கப் ஹீட்டரால். தொட்டிக்குள் உள்ள ஹீட்டிங் காயிலின் சுவிட்சை மழைநாளில் போட்டு அப்படியே விட்டுவிட்டால், இரவெல்லாம் 100 லிட்டரையும் கரண்டில் சூடாக வைத்திருக்கும். காலையில் வெயில் வரும்போது தண்ணீர் ஏற்கெனவே சூடாக இருக்கும், சோலாருக்கு வேலையே இருக்காது. சுவிட்சைக் குளியலறைக்கு வெளியே, சிவப்பு விளக்கு கண்ணில் படும்படி வையுங்கள்.

தோட்டத்துல மட்டையும் பாளையும் சும்மா கெடக்குதுங்க. வெந்நி அடுப்புலதான் காய வெக்கறோம். சோலார் ஹீட்டர் போடலாமா?

காசுக்காக என்றால் வேண்டாம். விறகுக்குச் செலவே இல்லாத வீட்டில் மிச்சமும் இல்லை, அசல் என்றைக்கும் வராது. புகையும், விடியற்காலையில் அடுப்பு மூட்டும் வேலையும் போகட்டும் என்று போட்டால் அது நியாயமான காரணம். ஆனால் அதை வருடக் கணக்கில் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள். கேஸ் அடுப்பில் காய வைக்கிறவர்களுக்கு மட்டும் மிச்சம் உண்டு: எட்டு மாதத்துக்கு 14.2 கிலோ சிலிண்டர் மூன்றரை ஆகும் என்று வைத்துக் கணக்குப் போடலாம்.

எங்க போர் தண்ணி கடும் உப்புங்க. ஹீட்டர் எத்தனை வருசம் தாங்கும்?

அசல் வருவதற்கு முன் ஹீட்டர் போய்விடுமா என்பதுதான் இங்கே கேள்வி. கொங்கு நாட்டுப் போர் தண்ணீர் பல இடங்களில் கடினநீர். சூடு ஏறினால் சுண்ணாம்பு பிரிந்து படியும். தட்டை பேனல் ஹீட்டரில் செம்புக் குழாய் குறுகலானது, சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக் குழாய் ஹீட்டரில் வாய் அகலம் என்பதால் படிவு அடியில் தேங்கும்; குழாயைக் கழற்றிக் கழுவிவிடலாம், ஆனால் குழாய் உடையக்கூடியது. உப்புத் தண்ணீருக்கு இரண்டாவதே சௌகரியம். தட்டை பேனல்தான் வேண்டும் என்றால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ளதைக் கேளுங்கள். அதில் பேனலுக்குள் வேறு தண்ணீர் தனியாகச் சுற்றும்.

நல்ல வெயிலிலும் தண்ணீர் முன்பு போலச் சுடாமல் வெதுவெதுப்பாக வருவதும், வெந்நீர்ப் பைப்பில் மட்டும் வேகம் குறைவதும் படிவின் அடையாளம். தொட்டிக்குள் இருக்கும் மெக்னீசியம் ராடை வருடம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். கரைந்து கம்பி மட்டும் இருந்தால் மாற்றுங்கள். விட்டால் அடுத்துத் தொட்டிதான் அரிக்கும். சிறுவாணியோ ஆற்றுத் தண்ணீரோ குழாயில் வரும் வீட்டில், 200 லிட்டர் சின்டெக்ஸ் ஒன்றைத் தனியாக வைத்து ஹீட்டருக்கு மட்டும் அந்தத் தண்ணீரை விடுவது எல்லாவற்றையும்விட மலிவான வைத்தியம்.

பேனல், ஹீட்டர் ரெண்டையும் போட்டா ரெண்டு மிச்சத்தையும் கூட்டிக்கலாமுங்களா?

கூடாது. இரண்டும் கழிப்பது அதே பில்லின் மேல் யூனிட்டுகளைத்தான். முதலில் வந்தது விலை உயர்ந்ததை எடுத்துக்கொள்ளும், அடுத்து வருவதற்கு மலிவானதுதான் மிஞ்சும்.

அதே 900 யூனிட் வீட்டில் 2 கிலோவாட் ஏற்கெனவே இருந்தால் நிகரம் 420 யூனிட். அதிலிருந்து ஹீட்டர் 120 குறைத்தால் மிச்சம் 596 ரூபாய்தான். ஹீட்டரின் அசல் ஐந்து வருடத்திலிருந்து பத்து வருடமாகிவிடும். 3 கிலோவாட் இருந்தால் நிகரமே 180. ஹீட்டரின் மிச்சம் பில்லுக்கு 188, அசல் வர முப்பது வருடம் தாண்டும். அதற்குள் இரண்டு ஹீட்டர் மாற்றியிருப்பீர்கள். நெட் மீட்டர் உள்ள வீட்டில் பகல் உற்பத்தியே காலைக் கீசரையும் சமன் செய்துவிடும் என்பதால், பேனலுக்கு இடம் இருந்தால் பேனலே போதும். மாடியில் தென்னை நிழல், இடம் குறைவு, ஆனால் பில் மட்டும் 600 யூனிட்டுக்கு மேல் என்கிறவர்களுக்கு ஹீட்டர் சரி. அதற்கு நிழல் விழாத இரண்டு மூன்று சதுர மீட்டர் போதும்.

மூணு வருசமாச்சு, யூனிட்டு கொறஞ்ச மாதிரி தெரியுதுங்க. பேனல் போயிருச்சா?

பேனல் வருடத்துக்கு அரை சதவீதம் அளவில்தான் தேயும், மூன்று வருடத்தில் கண்ணுக்குத் தெரியாது. முதலில் நிழலைப் பாருங்கள். போடும்போது இல்லாத தென்னங்கீற்று இப்போது எட்டிப் பார்க்கும். ஒரு பேனலில் விழும் நிழல் அதனோடு தொடராக இணைத்தவற்றையும் இழுத்துவிடும். காலை ஒன்பது, மதியம், மாலை மூன்று என மூன்று வேளை மாடிக்குப் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது அழுக்கு. நூல் மில், குவாரிப் பக்கம் உள்ள வீடுகளில் மாதம் இரண்டு முறையாவது கழுவ வேண்டும். உப்புத் தண்ணீரை ஊற்றிக் காயவிட்டால் வெள்ளைத் திட்டு படிந்து, தூசியைவிட மோசமாகிவிடும். வெயில் ஏறுமுன் நல்ல தண்ணீரில் கழுவி, ரப்பர் வைப்பரால் இழுத்துவிடுங்கள். இரண்டும் சரியாக இருந்தும் போன வருடம் இதே மாத உற்பத்தியைவிடத் தெளிந்த நாளில் குறைவு என்றால் இன்வெர்ட்டர், கனெக்டர் பக்கம் ஆளைக் கூப்பிடலாம்.

அந்தக் காசை பேங்குல போட்டா வட்டி வருதுங்களே?

வருகிறது, அதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். 80,000-க்கு ஏழு வட்டி என்றால் வருடம் 5,600. பேனல் கடைசியில் பழைய இரும்புக்குத்தான் போகும், ஆகவே 25 வருடத்தில் அசல் தேய்வதாக வருடம் 3,200 வையுங்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு இன்வெர்ட்டர், அதற்கு வருடம் 2,500. மொத்தம் 11,300. 900 யூனிட் வீட்டில் மிச்சம் 27,114 என்பதால் சோலார் சுலபமாக ஜெயிக்கும்.

400 யூனிட் வீட்டில் 1 கிலோவாட்டுக்கு இதையே போடுங்கள். வட்டி 3,150, தேய்மானம் 1,800, இன்வெர்ட்டருக்கு 1,500, மொத்தம் 6,450. மிச்சமோ 6,204. அந்த வீட்டுக்காரர் காசை பேங்கிலேயே விட்டுவைக்கலாம்.

தறிக்குடோனுக்கும், தோட்டத்து மோட்டாருக்கும் இந்தக் கணக்கு பொருந்துமுங்களா?

பொருந்தாது. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். அதற்கு மேல் ஓடுவதில் மட்டும்தான் மிச்சத்துக்கு இடம். இலவச மின்சாரத்தில் ஓடும் தோட்டத்து மோட்டாரில் மிச்சம் பூஜ்யம். மேலே சொன்ன மானியமும் வீட்டு இணைப்புக்கு மட்டுமே. குடோன் கூரையில் போட்டு, பக்கத்திலுள்ள வீட்டு இணைப்போடு சேர்க்க முடியுமா என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டு அப்புறம் கொட்டேஷன் வாங்குங்கள்.